மின்னேற்றம் எந்த வழியாகப் போனது? தொடர்ச்சிச் சமன்பாடு பற்றி அடிக்கடி கேட்கப்படும் கேள்விகள்

வெள்ளவத்தையில் மாலை வகுப்பு எடுக்கிறேன். வருபவர்கள் பெரும்பாலும் பல்கலைக்கழக முதல் வருடப் பிள்ளைகள். உயர்தரத்தில் பௌதிகமும் இணைந்த கணிதமும் நன்றாகச் செய்தவர்கள்தான், ஆனாலும் தலைகீழ் முக்கோணம் ஒன்று (∇) பலகையில் வந்ததும் முகம் மாறிவிடும். ஒவ்வொரு வருடமும் ஏறக்குறைய இதே கேள்விகள்தான் வருகின்றன. அவர்கள் கேட்ட விதத்திலேயே கேள்விகளை எழுதி, பதில்களைக் கீழே தருகிறேன். டைவர்ஜன்ஸ், கேர்ள் இரண்டையும் வகுப்பில் சொல்கிறபடியே எழுதுகிறேன்.

சேர், இந்தச் சமன்பாடு உண்மையில் என்னதான் சொல்கிறது? கணிதம் இல்லாமல் சொல்லுங்கள்.

கோட்டை புகையிரத நிலையத்துக்குள் இப்போது எத்தனை பேர் நிற்கிறார்கள் என்று ஒருவர் எண்ணிக்கொண்டே இருக்கிறார் என்று வையுங்கள். வாசல்களிலும் தண்டவாளத்தின் இரு முனைகளிலும் வேறு ஆட்கள் நின்று, உள்ளே வருபவர்களையும் வெளியே போகிறவர்களையும் எண்ணுகிறார்கள். ஒரு நிமிடத்தில் வெளியே போனவர்கள் உள்ளே வந்தவர்களைவிட 40 பேர் அதிகம் என்றால், உள்ளே இருப்பவர்களின் தொகை 40 குறைந்திருக்க வேண்டும். குறையவில்லை என்றால் யாரோ எண்ணிக்கையில் பிழை விட்டிருக்கிறார்.

மின்னேற்றத்துக்கும் இதே கணக்குத்தான். ஆனால் ஒரு நுணுக்கம் இருக்கிறது. "மொத்த மின்னேற்றம் மாறாது" என்று மட்டும் சொன்னால் போதாது. வெள்ளவத்தையில் ஒரு கூலோம் மறைந்து அதே கணத்தில் கொட்டாஞ்சேனையில் ஒரு கூலோம் தோன்றினாலும் கொழும்பின் மொத்தம் மாறியிருக்காது. தொடர்ச்சிச் சமன்பாடு அதையும் தடுக்கிறது. வெள்ளவத்தையைவிட்டுப் போன ஏற்றம் அதன் எல்லையைக் கடந்துதான் போயிருக்க வேண்டும். காலி வீதியோ கடலோ, ஏதோ ஒரு வழியில் அது ஓட்டமாகத் தெரிந்திருக்க வேண்டும். எவ்வளவு சிறிய இடத்தை எடுத்தாலும் கணக்கு அங்கேயே சரிவர வேண்டும்.

சரி, எழுதினால் எப்படி இருக்கும்?

```
∇·J + ∂ρ/∂t = 0
```

ρ என்பது ஒரு கன மீற்றரில் எத்தனை கூலோம் என்ற ஏற்ற அடர்த்தி. J என்பது ஓட்ட அடர்த்தி: ஓட்டத்துக்குக் குறுக்கே ஒரு சதுர மீற்றரை வைத்தால் அதனூடாக எத்தனை அம்பியர் போகும் என்பது. J ஒரு காவி, ρ காவி அல்ல. முதல் உறுப்பு "வெளியே போவது", இரண்டாவது உறுப்பு "உள்ளே கூடுவது". வெளியே போவது கூடினால் உள்ளே குறைய வேண்டும். அதனால்தான் இரண்டும் சேர்ந்து பூச்சியம். சிலர் நடுவில் கழித்தல் குறி போட்டுவிடுவார்கள். அப்படிப் போட்டால் ஆட்கள் வெளியே போகப்போக நிலையம் நிரம்புகிறது என்று அர்த்தம் வரும்.

டைவர்ஜன்ஸ் என்றால் அம்புகள் விரிந்துகொண்டு போவதுதானே?

இல்லை. இந்தப் பெயர் பலரையும் ஏமாற்றியிருக்கிறது. படத்தில் அம்புகள் விரிகின்றனவா என்று பார்க்க வேண்டாம். ஒரு சின்னப் பெட்டியை வைத்து, அதிலிருந்து மொத்தமாக வெளியேறுவது எவ்வளவு என்று பார்த்து, அதைப் பெட்டியின் கனவளவால் வகுக்க வேண்டும். பெட்டியை மேலும் மேலும் சுருக்கும்போது அந்த விகிதம் எந்தப் பெறுமானத்துக்குப் போகிறதோ அதுதான் அந்தப் புள்ளியில் டைவர்ஜன்ஸ்.

விரிந்தும் டைவர்ஜன்ஸ் இல்லாத ஒன்றைப் பார்ப்போம். பெரிய உப்புநீர்த் தொட்டியின் நடுவே ஓர் உலோக உருண்டை. காவலிட்ட கம்பி வழியாக அதற்கு 3 அம்பியர் மாறாமல் வருகிறது. உருண்டையிலிருந்து ஓட்டம் நீருக்குள் எல்லாத் திசைகளிலும் ஒரேமாதிரிப் பரவுகிறது. மையத்திலிருந்து 1 மீற்றர் தூரத்தில் J = 3/(4π), அதாவது சதுர மீற்றருக்குச் சுமார் 0.24 அம்பியர். 2 மீற்றரில் அது நாலில் ஒன்றாகி 0.06 ஆகிவிடும். ஆனால் கோளத்தின் மேற்பரப்பு நாலு மடங்காகிவிட்டது. ஆகவே இரண்டு கோளங்களினூடாகவும் போவது அதே 3 அம்பியர்தான். இடையிலுள்ள நீருக்குள் 3 வருகிறது, 3 போகிறது. அம்புகள் நன்றாக விரிகின்றன, டைவர்ஜன்ஸ் பூச்சியம்.

இனி எதிர்மாறானது. எல்லா அம்புகளும் x திசையில் நேராக, சமாந்தரமாக இருக்கின்றன; ஆனால் வலப்பக்கம் போகப்போக நீளம் கூடுகிறது. ஒரு மெல்லிய பெட்டியின் இடப்பக்கத்தால் J(x) நுழைகிறது, வலப்பக்கத்தால் J(x+dx) வெளியேறுகிறது. வித்தியாசத்தைக் கனவளவால் வகுத்தால் dJ/dx. அம்பு எதுவும் விரியவில்லை, ஆனாலும் டைவர்ஜன்ஸ் இருக்கிறது. மூன்று திசைகளுக்கும் இப்படியே செய்து கூட்டினால் பாடப்புத்தகத்தில் உள்ள சூத்திரம் வந்துவிடும்:

```
∇·J = ∂Jx/∂x + ∂Jy/∂y + ∂Jz/∂z
```

ஒரு பக்கக்கதை: மக்ஸ்வெல் முதலில் இதை எதிர்க்குறியோடு எடுத்து, உள்ளே குவிவது என்ற பொருளில் "கன்வர்ஜன்ஸ்" என்று அழைத்தார். எங்கள் கணக்குக்கு அந்தப் பெயர் இன்னும் வசதியாக இருந்திருக்கும் என்று நினைக்கிறேன்: குவிகிற அளவுக்கு ஏற்றம் கூடுகிறது, அவ்வளவுதான்.

கேர்ள் என்பது வட்டமாகச் சுற்றுவதுதானே? அதுவும் இல்லை என்று சொல்லப்போகிறீர்களா?

கிட்டத்தட்ட அப்படித்தான். வெள்ளவத்தைக் கால்வாயை நினைத்துக்கொள்ளுங்கள். நீர் நேராகக் கடலை நோக்கிப் போகிறது என்றும், நடுவில் வேகமாகவும் கரையோரம் மெதுவாகவும் போகிறது என்றும் வைப்போம். இரண்டு ஈர்க்குகளைச் சிலுவையாகக் கட்டி, தக்கையில் குத்தி மிதக்கவிடுங்கள். சரியாக நடுவில் விட்டால் அது திரும்பாமல் போகும். கொஞ்சம் கரைப்பக்கமாக விட்டால், நடுவை நோக்கிய முனையை நீர் வேகமாகத் தள்ளும், கரைப்பக்க முனையை மெதுவாகத் தள்ளும். தக்கை சுழன்றுகொண்டே போகும். நீரோட்டம் எங்கும் வளையவில்லை, கேர்ள் இருக்கிறது.

இலக்கமும் போட்டுப் பார்க்கலாம். கால்வாயின் பாதி அகலம் 5 மீற்றர், நடுவில் வேகம் செக்கனுக்கு 0.5 மீற்றர், கரையில் பூச்சியம், இடையில் v = 0.5(1 − y²/25) என்று எடுப்போம். கேர்ள் என்பது −dv/dy = 0.04y. நடுவிலிருந்து 2.5 மீற்றர் தள்ளி அது செக்கனுக்கு 0.1. தக்கையின் கோண வேகம் கேர்ளில் பாதி, அதாவது செக்கனுக்கு 0.05 ஆரையன், ஒரு முழுச் சுற்றுக்கு இரண்டு நிமிடத்துக்குச் சற்று மேல். y பூச்சியமாகும் நடுவில் கேர்ளும் பூச்சியம். எதிர்க்கரைப் பக்கம் y குறி மாறுவதால் தக்கை எதிர்த்திசையில் சுழலும்.

வரைவிலக்கணமும் டைவர்ஜன்ஸ் போலத்தான். பெட்டிக்குப் பதில் ஒரு சின்ன வளையத்தை எடுக்கிறோம். வளையத்தின் ஓரமாக நடந்துகொண்டே புலம் எங்களை எவ்வளவு கூட்டிப்போகிறது என்று கூட்டி, வளையத்தின் பரப்பால் வகுக்கிறோம். டைவர்ஜன்ஸ் எண்ணாக வருகிறது. கேர்ள் காவியாக வருகிறது, ஏனென்றால் வளையத்தை மூன்று திசைகளில் பிடித்துப் பார்க்கலாம்.

"கேர்ளின் டைவர்ஜன்ஸ் எப்போதும் பூச்சியம்" என்று மனப்பாடம் செய்தோம். ஏன் அப்படி?

முழுக் கதையும் தொங்குகிற ஆணி இதுதான், மனப்பாடத்தோடு விட்டால் நட்டம். வெசாக் காலத்தில் கொழும்பு முழுக்கத் தொங்கும் கூடுகளைப் பார்த்திருப்பீர்கள்: மூங்கில் சட்டம், ஒவ்வொரு முகத்துக்கும் நிறத்தாள். அப்படி ஒரு கூட்டை எடுத்து, அலங்காரத் தொங்கல்களைக் கழற்றிவிட்டு, எல்லா முகங்களுக்கும் தாள் ஒட்டி மூடிவிடுங்கள்.

ஒரு தாளினூடாகக் கேர்ள் எவ்வளவு வெளியேறுகிறது என்பதும், அந்தத் தாளின் ஓரமாக ஒரு சுற்று நடந்தால் கிடைக்கும் தொகையும் ஒன்றுதான். கேர்ளின் வரைவிலக்கணமே அது. ஆகவே ஒவ்வொரு தாளிலும், வெளியிலிருந்து பார்க்கும்போது இடஞ்சுழியாக, ஓரம் முழுக்க அம்புக்குறி போடுங்கள். இப்போது ஏதாவது ஒரு மூங்கிலைப் பாருங்கள். அது இரண்டு தாள்களுக்குப் பொதுவானது. ஒரு தாளின் அம்பு அதில் மேலே போனால், அடுத்த தாளின் அம்பு அதே மூங்கிலில் கீழே வருகிறது. இரண்டும் வெட்டிக்கொள்கின்றன. எந்த மூங்கிலை எடுத்தாலும் இதே கதை. எல்லாத் தாள்களையும் கூட்டினால் மிஞ்சுவது பூச்சியம். அதாவது மூடிய கூட்டிலிருந்து கேர்ள் மொத்தமாக வெளியேறுவதே இல்லை. கூட்டைச் சிறிதாக்கிக் கனவளவால் வகுத்தால் ∇·(∇×B) = 0.

B என்ன புலம் என்று எங்கும் கேட்கவில்லை, கவனித்தீர்களா? காந்தமோ நீரோ காற்றோ, எதுவானாலும் சரி. இது பௌதிகம் அல்ல, கேத்திரகணிதம்.

அம்பியரின் விதியே போதாதா? மக்ஸ்வெல் ஏன் இன்னொரு உறுப்பைச் சேர்க்க வேண்டும்?

பழைய அம்பியர் விதி ∇×B = μ₀J. இரு பக்கமும் டைவர்ஜன்ஸ் எடுங்கள். இடப்பக்கம் வெசாக் கூட்டின்படி பூச்சியம். ஆகவே ∇·J = 0; எங்கும், எப்போதும். எந்த இடத்திலும் ஏற்றம் சேரவே முடியாது என்கிறது அந்த விதி. ஆனால் கொள்ளளவியின் தட்டில் ஏற்றம் சேர்கிறது, அதற்காகத்தான் அதைக் கடையில் வாங்குகிறோம்.

அப்படியானால் அந்த விதி இவ்வளவு காலம் எப்படித் தப்பியது? மாறாத ஓட்டத்துக்கு அது சரி. ஓட்டம் மெதுவாக மாறினாலும் கடத்தியினுள் பிழை தெரியாத அளவு சிறியது. எங்கள் வீட்டுச் செம்புக் கம்பியில் 50 ஹேட்ஸ் ஓட்டத்துக்கு, விடுபட்ட உறுப்பு J-இன் அளவோடு ஒப்பிட்டால் சுமார் 5×10⁻¹⁷ மடங்குதான். கம்பிக்குள் தேடிக் கண்டுபிடிக்கக்கூடிய விடயம் அல்ல அது. கம்பி அறுந்து இடைவெளி வரும் இடத்தில்தான் பிழை பளிச்சென்று தெரியும்.

மக்ஸ்வெல் இந்த முரண்பாட்டைப் பார்த்துத்தான் உறுப்பைச் சேர்த்தார் என்று பல வகுப்புகளில் சொல்வார்கள். சொல்லிக்கொடுக்க வசதியான கதை. 1861–62 இல் அவர் எழுதிய கட்டுரையில் அந்த உறுப்பு வந்த வழி வேறு: வெளி முழுக்க மீள்தன்மையுள்ள ஓர் ஊடகம் இருப்பதாகக் கற்பனைசெய்து, அது இழுபடுவதிலிருந்து அதைப் பெற்றார். ஊடகம் போய்விட்டது, உறுப்பு நிலைத்துவிட்டது.

சரி, புல விதிகளிலிருந்து தொடர்ச்சிச் சமன்பாடு எப்படி வருகிறது? படிபடியாகச் செய்து காட்டுங்கள்.

தேவையானவை இரண்டே விதிகள்தான், கவுஸ் விதியும் திருத்திய அம்பியர் விதியும்:

```
∇·E = ρ/ε₀
∇×B = μ₀J + μ₀ε₀ ∂E/∂t
```

இரண்டாவதற்கு டைவர்ஜன்ஸ் எடுங்கள். இடப்பக்கம் பூச்சியம். வலப்பக்கத்தில் இடம் சார்ந்த வகையீட்டையும் நேரம் சார்ந்த வகையீட்டையும் இடம் மாற்றலாம், ஏனென்றால் எங்கள் பெட்டி அசையாமல் நிற்கிறது:

```
0 = μ₀ ∇·J + μ₀ε₀ ∂(∇·E)/∂t
```

இங்கே ∇·E வந்ததும் கவுஸ் விதியைக் கூப்பிடுங்கள். அதற்குப் பதிலாக ρ/ε₀ போட்டால் ε₀ வெட்டுப்படும். μ₀-ஆலும் வகுத்தால்:

```
∇·J + ∂ρ/∂t = 0
```

நான்கு வரி. பரீட்சையில் பிள்ளைகள் புள்ளியைத் தவறவிடுவது பெரும்பாலும் முதல் படியில்: டைவர்ஜன்ஸுக்குப் பதில் கேர்ள் எடுத்துவிடுவார்கள். அப்படிச் செய்தால் அலைச் சமன்பாட்டுப் பக்கம் போய்விடுவீர்கள். ∇²B கண்ணில் பட்டால் திரும்பி வாருங்கள்.

ஒரு உண்மையான கொள்ளளவியில் இலக்கம் போட்டுப் பார்க்க முடியுமா?

10 சென்ரிமீற்றர் பக்கமுள்ள இரண்டு சதுரத் தட்டுகள், இடையே 1 மில்லிமீற்றர் காற்று. ஒரு கம்பியால் ஒரு தட்டுக்கு 1 மில்லிஅம்பியர் மாறாமல் வருகிறது. 1 மைக்ரோசெக்கன் மட்டும் பார்ப்போம். தட்டுகளின் விளிம்பில் புலம் வெளியே வளைவதை விட்டுவிடலாம். பக்கத்தோடு ஒப்பிட்டால் இடைவெளி நூறில் ஒன்றுதான்.

அந்தத் தட்டை மட்டும் சுற்றி ஒரு கற்பனைப் பெட்டி போடுங்கள். அதன் ஒரு முகத்தைக் கம்பி துளைக்கிறது, எதிர்முகம் காற்று இடைவெளிக்குள் நிற்கிறது. கம்பியால் உள்ளே வந்தது 10⁻³ × 10⁻⁶ = 10⁻⁹ கூலோம். வேறு வழியால் எதுவும் போகவில்லை. ஆகவே தட்டில் 1 நனோகூலோம் கூடியிருக்கிறது. இது தொடர்ச்சிச் சமன்பாட்டின் கணக்கு.

இனிப் புலத்தின் பக்கம். கொள்ளளவம் ε₀A/d, அதாவது 8.85×10⁻¹² × 0.01 ÷ 0.001, சுமார் 88.5 பிகோபரட். 1 நனோகூலோமை அதால் வகுத்தால் 11.3 வோல்ட். 1 மில்லிமீற்றருக்கு 11.3 வோல்ட் என்றால் E மீற்றருக்கு 11,300 வோல்ட். இந்தப் புலம் 1 மைக்ரோசெக்கனில் பூச்சியத்திலிருந்து சீராக வளர்ந்தது; ஆகவே ∂E/∂t = 1.13×10¹⁰. அதை ε₀-ஆலும் தட்டின் பரப்பாலும் பெருக்குங்கள்: 8.85×10⁻¹² × 1.13×10¹⁰ × 0.01 = 10⁻³. கம்பியில் வந்த அதே 1 மில்லிஅம்பியர்.

பெட்டியின் ஒரு முகத்தால் J நுழைகிறது, மறுமுகத்தால் ε₀∂E/∂t அதே அளவில் வெளியேறுகிறது. தனித்தனியாக எடுத்தால் இரண்டுக்கும் டைவர்ஜன்ஸ் உண்டு, சேர்த்து எடுத்தால் இல்லை. அம்பியர் விதிக்கு வேண்டியிருந்தது அந்தக் கூட்டுத்தொகைதான்.

அப்போ இடைவெளிக்குள்ளாலும் ஏற்றம் போகிறது என்றுதானே அர்த்தம்? ε₀∂E/∂t-இன் பெயரே "இடப்பெயர்ச்சி ஓட்டம்" என்று இருக்கிறதே.

போகவில்லை. இடைவெளியில் J பூச்சியம், ρ பூச்சியம். அங்கே மாறுவது E மட்டும். காந்தப்புலத்தை உண்டாக்கும் வேலையில் மாறும் E-யும் ஓட்டமும் ஒரேமாதிரி நடந்துகொள்கின்றன, அதனால் பழைய பெயர் ஒட்டிக்கொண்டது. நிலையத்தின் கதையில் சொன்னால், இடைவெளியில் பயணிகள் யாரும் நடக்கவில்லை. மற்றத் தட்டிலிருந்து அதே எண்ணிக்கையில் வேறு பயணிகள் வெளியே போகிறார்கள்.

மற்ற இரண்டு விதிகளுக்கும் இதில் வேலையே இல்லையா?

இல்லை. பரடே விதியும், காந்தப்புலத்தின் டைவர்ஜன்ஸ் பூச்சியம் என்ற விதியும் தங்களுக்குள் இதே விளையாட்டை விளையாடுகின்றன. அங்கே காந்த ஏற்றம் கிடையாது, ஆகவே தொடர்ச்சிச் சமன்பாடும் 0 = 0 என்று வெறுமையாக முடிகிறது.

இந்தச் சமன்பாட்டை வைத்துப் புதிதாக ஏதாவது கண்டுபிடிக்க முடியுமா, அல்லது சரிபார்க்க மட்டும்தானா?

எனக்குப் பிடித்த பயன் இது. ஒரு கடத்தியின் நடுவே கொஞ்சம் ஏற்றத்தை எப்படியோ வைத்துவிட்டோம் என்று வைப்போம். அது எவ்வளவு நேரம் அங்கே இருக்கும்? கடத்திக்கு ஓமின் விதிப்படி J = σE; σ அதன் கடத்துதிறன். டைவர்ஜன்ஸ் எடுத்து, ஊடகத்துக்கான கவுஸ் விதியைப் போட்டால் ∇·J = σρ/ε. தொடர்ச்சிச் சமன்பாட்டில் இதைப் போடுங்கள்:

```
∂ρ/∂t = −(σ/ε) ρ
ρ(t) = ρ(0) e^(−σt/ε)
```

காலிமுகத்திடலுக்கு முன்னால் இருக்கும் கடல்நீரை எடுங்கள். ε சுமார் 80ε₀, σ மீற்றருக்குச் சுமார் 5 சீமன்ஸ். ε/σ ஏறக்குறைய 1.4×10⁻¹⁰ செக்கன். அந்த நேரத்தில் ஏற்றம் மூன்றில் ஒரு பங்குக்குச் சற்று மேல் என்ற அளவுக்கு இறங்கிவிடும். செம்புக்கு இதே சூத்திரம் 1.5×10⁻¹⁹ செக்கன் என்கிறது. அதை நம்ப வேண்டாம். செம்பில் ஓர் இலத்திரன் மோதலுக்கும் மோதலுக்கும் இடையே எடுக்கும் நேரமே சுமார் 2.5×10⁻¹⁴ செக்கன். அதைவிடக் குறுகிய நேரத்தில் J = σE என்பதற்குப் பொருளில்லை. தொடர்ச்சிச் சமன்பாட்டில் பிழை இல்லை. இடையில் நாங்கள் நுழைத்த ஓமின் விதிதான் இங்கே பொருந்தவில்லை.

போன ஏற்றம் எங்கே போனது என்று வகுப்பில் ஒரு பிள்ளை கேட்டாள். கடத்தியின் மேற்பரப்புக்குப் போனது. அப்படியானால் போகும் வழியில் அது ஒரு அலைபோல இடையிலுள்ள பகுதிகளில் தெரிய வேண்டுமே என்பது அவளுடைய அடுத்த கேள்வி. தெரியாது. சூத்திரத்தை மறுபடி பாருங்கள்: எந்தப் புள்ளியில் ρ(0) பூச்சியமோ அங்கே ρ எப்போதும் பூச்சியம்தான். நடுவில் ஏற்றம் கரைகிறது, ஓரத்தில் ஏற்றம் தோன்றுகிறது, இடையில் ஒரு துளியும் சேர்வதில்லை. ஆனால் அங்கே ஓட்டம் இருக்கிறது: ஒவ்வொரு சின்னப் பெட்டிக்குள்ளும் வந்த அளவே வெளியே போகிறது. உப்புநீர்த் தொட்டியில் இரண்டு கோளங்களுக்கு இடையே பார்த்ததும் இதைத்தான்.